ரெப்போ, சி.ஆர்.ஆர்., எஸ்.எல்.ஆர்.: கடனையும் பத்திர யீல்டையும் பற்றித் தேர்வெழுதுவோர் கேட்பவை

ரெப்போ குறைஞ்சா பத்திர யீல்டும் குறையும்னுதானே படிச்சோம்? 2025 ஜூன்ல ரெப்போவை அரை சதவீதம் குறைச்ச பிறகும் பத்து வருஷப் பத்திர யீல்டு ஏறிச்சே, எப்படி?

ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டி. யீல்டு என்பது பத்திரத்தைச் சந்தை விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் ஆண்டு வருமான விகிதம். நீங்கள் படித்தது குறுகிய காலக் கடனுக்கு அப்படியே பொருந்தும். 91 நாள் கருவூல உண்டியலை வாங்குபவர், அடுத்த மூன்று மாதங்களுக்கு ஓரிரவுக் கடன் வட்டி எவ்வளவு இருக்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதும். ரெப்போ இறங்கினால் அந்த யீல்டும் கூடவே இறங்கிவிடும்.

பத்தாண்டுப் பத்திரத்தை வாங்குபவரின் கணக்கு வேறு. அடுத்த பத்து ஆண்டுகளில் குறுகிய கால வட்டி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்று அவர் ஊகிக்கிறார். அத்தனை காலம் பணத்தை முடக்கி வைப்பதற்காகக் கொஞ்சம் கூடுதலும் கேட்கிறார். இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் நீண்ட கால யீல்டு. இன்றைய ரெப்போ அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் பத்தாண்டு யீல்டு 6.7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பிப்ரவரி, ஏப்ரல் மாதங்களில் கால் கால் சதவீதமாக இரண்டு குறைப்புகள் வந்தன. இன்னும் வரும் என்ற எதிர்பார்ப்பில் ஜூன் தொடங்கும்போதே யீல்டு 6.2, 6.3 அளவுக்கு இறங்கியிருந்தது. வரப்போகும் குறைப்பை விலை ஏற்கெனவே விழுங்கிவிட்டிருந்தது என்று அர்த்தம். ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.00-லிருந்து 5.50 ஆக்கியது. வங்கிகள் தங்கள் பொறுப்புகளில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டிய விகிதமான சி.ஆர்.ஆரையும் ஒரு சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஆனால் அதே அறிக்கையில் கொள்கை நிலைப்பாட்டை 'தளர்வு' என்பதிலிருந்து 'நடுநிலை' என்று மாற்றி, வளர்ச்சிக்கு உதவ இனி மிகக் குறைந்த இடமே மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னது. இனிக் குறைப்பு அநேகமாக இல்லை என்று சந்தை அதைப் புரிந்துகொண்டது. எதிர்கால வட்டி பற்றிய ஊகம் மேலே போனதால் யீல்டும் அதைத் தொடர்ந்தது. ஆகஸ்டில் ஜி.எஸ்.டி. குறைப்பு அறிவிப்பு வந்தபோது, அரசு கூடுதலாகக் கடன் வாங்க வேண்டியிருக்குமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அந்த மாத இறுதியில் யீல்டு 6.5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இதற்கு எதிர்த்திசை உதாரணம் 2022 மே 4. அட்டவணையில் இல்லாத கூட்டம் நடத்தி, ரெப்போவை 4.00-லிருந்து 4.40 ஆகவும் சி.ஆர்.ஆரை 4-லிருந்து 4.5 ஆகவும் உயர்த்தினார்கள். யாரும் எதிர்பார்க்காததால் பத்தாண்டு யீல்டு 7.1 அளவிலிருந்து ஒரே நாளில் 7.4 சதவீதத்தை நெருங்கியது. நீண்ட கால யீல்டை அசைப்பது பெரும்பாலும் அறிவிப்பில் இருக்கும் எதிர்பாராத பகுதிதான். விரிவான விடை கேட்கும் தேர்வில் இந்த ஒரு வரியை எழுதி, இரண்டு தேதிகளையும் சான்றாகக் கொடுங்கள்.

கொள்குறி வினாவில் 'மற்றவை மாறாதிருக்க, ரெப்போ குறைந்தால் பத்திர விலை' என்று கேட்டால், உயரும் என்பதே விடை. 'மற்றவை மாறாதிருக்க' என்ற சொற்கள் அங்கே ஊகத்தை அசையாமல் நிறுத்திவிடுகின்றன.

ரெப்போ, எஸ்.டி.எஃப்., எம்.எஸ்.எஃப்., பேங்க் ரேட் எல்லாம் குழப்புது. இதுல உண்மையில வேலை செய்யற வட்டி எது?

ரிசர்வ் வங்கி குறிவைப்பது வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கும் அழைப்புக் கடன் வட்டியின் எடையிட்ட சராசரியை. அதை ரெப்போவுக்கு அருகில் நிறுத்தி வைக்க மேலே ஒரு கூரையும் கீழே ஒரு தரையும் போட்டிருக்கிறார்கள். தரை எஸ்.டி.எஃப்., அதாவது வங்கிகள் உபரியை ரிசர்வ் வங்கியில் போட்டு வைத்தால் கிடைக்கும் வட்டி, ரெப்போவைவிடக் கால் சதவீதம் கீழே. கூரை எம்.எஸ்.எஃப்., அதாவது வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் ஓரிரவுக் கடன் வாங்கும் வட்டி, கால் சதவீதம் மேலே. பேங்க் ரேட் இப்போது எம்.எஸ்.எஃப். வட்டிக்குச் சமமாக வைக்கப்படுகிறது. அபராத வட்டி கணக்கிடத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது.

2022 ஏப்ரல் வரை தரையாக இருந்தது நிலையான ரிவர்ஸ் ரெப்போ. அதில் வங்கிகளின் பணத்தை வாங்கிக்கொள்ளும்போது ரிசர்வ் வங்கி பத்திரங்களை ஈடாகக் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் பத்திரங்களின் அளவு உறிஞ்சும் திறனுக்கு வரம்பு போட்டுவிடும். எஸ்.டி.எஃபில் ஈடு கிடையாது. அதற்கு வழிவிட்ட சட்டத் திருத்தம் 2018-இல் வந்தது, வசதி நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரலில். இந்த இரண்டு ஆண்டுகளையும் மாற்றிப் போட்டுக் கேட்பது தேர்வில் வாடிக்கை.

வங்கிகளிடம் உபரி மிகுந்தால் ஓரிரவு வட்டி ரெப்போவை விட்டுத் தரையை நோக்கிச் சரியும். 2025 ஜூனில் அப்படித்தான் சரிந்தது. ஜூன் 27 முதல் ஏழு நாள் மாறும் வட்டி ரிவர்ஸ் ரெப்போ ஏலங்களை நடத்தி உபரியை உறிஞ்சத் தொடங்கினார்கள். கொள்கை அறிக்கையில் இருக்கும் ரெப்போவும் சந்தையில் நிலவும் வட்டியும் ஒன்றாக இல்லாத நாட்கள் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

சி.ஆர்.ஆர். தினமும் முழுசா வச்சிருக்கணுமா? கணக்கு எப்படிப் போடறது?

தினமும் முழுதாக வேண்டியதில்லை. சராசரி முழுதாக வர வேண்டும், ஒவ்வொரு நாளும் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். அடிப்படைத் தொகை என்.டி.டி.எல்., அதாவது வங்கியின் நிகர கேட்புப் பொறுப்புகளும் காலப் பொறுப்புகளும் சேர்ந்தது. அன்றன்றைய தொகையை எடுப்பதில்லை. இரண்டு அறிக்கைக் காலங்களுக்கு முந்தைய இறுதித் தொகையை எடுப்பார்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் வங்கியின் கருவூலப் பிரிவு திட்டமிட முடியும்.

ஒரு வங்கியின் என்.டி.டி.எல். 2,00,000 கோடி, சி.ஆர்.ஆர். 3 சதவீதம், காலம் 15 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

```
தேவையான சராசரி      = 2,00,000 × 3%    = 6,000 கோடி
அன்றாடக் குறைந்த அளவு = 6,000 × 90%      = 5,400 கோடி
மொத்தப் பெருக்குத்தொகை = 6,000 × 15 நாள் = 90,000
முதல் 10 நாள்          = 5,400 × 10      = 54,000
மீதி 5 நாளில்          = 36,000 ÷ 5      = நாளுக்கு 7,200 கோடி
```

இந்தச் சலுகை கடன் சந்தையையும் தொடுகிறது. முதல் நாட்களில் எல்லா வங்கிகளும் 5,400 போல அடிமட்டத்தில் நின்றால், கடைசி நாட்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் தேடுவார்கள். அப்போது ஓரிரவு வட்டி துள்ளும். ரெப்போவில் எந்த மாற்றமும் இல்லாமலேயே இது நடக்கும்.

பழைய வினாத்தாள்களில் அறிக்கைக் காலம் ஒரு வெள்ளிக்கிழமையில் முடியும் 14 நாளாக இருக்கும். 2025-ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் அதை மாதத்தின் 1 முதல் 15 வரை, 16 முதல் மாத இறுதி வரை என்று மாற்றியது. ஆகவே இரண்டாம் பாதி 13 முதல் 16 நாள் வரை இருக்கலாம். கணக்கில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் 14-ஆல் பெருக்கிவிடாதீர்கள்.

சி.ஆர்.ஆருக்கு வட்டி கிடையாதே. அப்ப அது ஒரு சதவீதம் குறைஞ்சா கடன் வட்டியும் ஒரு சதவீதம் குறையணும்தானே?

குறையாது. மிச்சமாவது அந்த ஒரு சதவீதப் பணத்தின் மீதான வட்டிச் செலவு மட்டும்தான். வங்கி தன் நிதிச் செலவை வைத்துப் போடும் அடிப்படைக் கடன் வட்டியான எம்.சி.எல்.ஆரைக் கணக்கிடும் முறையிலேயே இதற்கு ஒரு தனி உறுப்பு இருக்கிறது: சி.ஆர்.ஆரால் வரும் எதிர்மறைச் சுமை. வங்கி 100 ரூபாய் திரட்டினால், சி.ஆர்.ஆர். போக மீதியைத்தான் பயன்படுத்த முடியும். ஆனால் 100 ரூபாய்க்கும் வட்டி கொடுக்கிறது. திரட்டும் செலவு 6 சதவீதம் என்றால்:

```
சி.ஆர்.ஆர். 4%: 0.04 × 6 ÷ 0.96 = 0.25 சதவீதம்
சி.ஆர்.ஆர். 3%: 0.03 × 6 ÷ 0.97 = 0.19 சதவீதம்
```

வித்தியாசம் 0.06 சதவீதம் மட்டுமே, ஏறத்தாழ ஆறு அடிப்படைப் புள்ளிகள். கடன் வட்டியை நேரடியாகக் குறைக்கும் கருவியாக சி.ஆர்.ஆரைப் பார்க்கும் விடை இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப்போகும். சி.ஆர்.ஆரின் உண்மையான பலம் அளவில் இருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் நவம்பர் வரை கால் கால் சதவீதமாக நான்கு தவணைகளில் வந்த அந்தக் குறைப்பு, வங்கித் துறைக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாயை விடுவிப்பதாகக் கணக்கிடப்பட்டது.

அந்த 2.5 லட்சம் கோடியும் கடனாப் போகும்னு எழுதலாமா? பெருக்கி 1 ÷ சி.ஆர்.ஆர். போட்டா 33 மடங்கு வருதே?

கணக்கு வினாவில் போடலாம். 4 சதவீதத்துக்கு 25 மடங்கு, 3 சதவீதத்துக்கு 33.3 மடங்கு. அது மேல் எல்லை. மக்கள் கையில் ரொக்கமே வைத்துக்கொள்வதில்லை, வங்கிகள் உபரியே வைத்துக்கொள்வதில்லை என்ற அனுமானங்களில்தான் அந்த எண் நிற்கிறது. விளக்க வினாவில் அதோடு நிறுத்தினால் மதிப்பெண் போகும்.

என்.டி.டி.எல். 2,00,000 கோடி உள்ள அதே வங்கிக்கு ஒரு சதவீதக் குறைப்பால் 2,000 கோடி விடுபடுகிறது. அதைக் கடனாகக் கொடுக்க மூலதனமும் வேண்டும். கடனின் இடருக்கேற்ப எடையிட்ட தொகையில் எவ்வளவு மூலதனம் வேண்டும் என்று சொல்லும் மூலதன விகிதத்தின் குறைந்த அளவு இந்தியாவில் 9 சதவீதம். மூலதனப் பாதுகாப்புத் தாங்கி 2.5 சதவீதத்தையும் சேர்த்தால் 11.5. 2,000 கோடியையும் 35 சதவீத இடர் எடை கொண்ட வீட்டுக் கடனாகக் கொடுத்தால் 80.5 கோடி மூலதனம் போதும். 125 சதவீத இடர் எடை கொண்ட ஈடற்ற தனிநபர் கடனாகக் கொடுத்தால் 287.5 கோடி வேண்டும். அரசுப் பத்திரத்தில் போட்டால் கடன் இடருக்காக மூலதனமே ஒதுக்க வேண்டியதில்லை. மூலதனம் இறுக்கமாக உள்ள வங்கி, அல்லது நம்பிக்கையான கடனாளி கிடைக்காத வங்கி, விடுபட்ட பணத்தைக் கொண்டு பத்திரம் வாங்கும், இல்லையென்றால் எஸ்.டி.எஃபில் போட்டுவிடும். கடன் வளராமல் யீல்டு மட்டும் இறங்கும் காலங்கள் இப்படித்தான் வருகின்றன.

பணம் வங்கித் துறையை விட்டு வெளியேயும் கசியும். பண்டிகைக் காலத்தில் மக்கள் ரொக்கம் எடுக்கிறார்கள். செப்டம்பர் நடுவில் முன்கூட்டிய வரி கட்டும்போது பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது. ரூபாயைத் தாங்கிப் பிடிக்க ரிசர்வ் வங்கி டாலர் விற்றால், அதே அளவு ரூபாய் உள்ளே இழுக்கப்படுகிறது. குறைப்பை ஒரே தவணையில் கொடுக்காமல் செப்டம்பர் 6, அக்டோபர் 4, நவம்பர் 1, நவம்பர் 29 என்று பிரித்த தேதிகளை இந்தக் கசிவுகளோடு சேர்த்துப் பாருங்கள். தவணை முறை ஏன் என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது.

ரெப்போ குறைஞ்ச உடனே என் அண்ணனோட வீட்டுக் கடன் இ.எம்.ஐ. குறைஞ்சது, அப்பாவோட பழைய கடன் குறையல. ரெண்டும் ஒரே வங்கி. ஏன்?

இருவரின் கடனும் வெவ்வேறு அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன், வாகனக் கடன் போன்ற சில்லறைக் கடன்களும், குறு சிறு தொழில் கடன்களும் வெளிப்புற அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொண்டது ரெப்போவை. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது வட்டியை மறுநிர்ணயம் செய்தாக வேண்டும். அதற்கு முந்தைய கடன்கள் பெரும்பாலும் எம்.சி.எல்.ஆரில் இருக்கும். எம்.சி.எல்.ஆர். வங்கியின் சொந்த நிதிச் செலவைப் பொறுத்தது. பழைய வைப்புகள் முதிர்ந்து புதிய குறைந்த வட்டிக்கு மாறினால்தான் அது இறங்கும். மறுநிர்ணயமும் பல ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு ஒரு முறைதான்.

ரெப்போ 6.00, அதன்மேல் 2.50 கூடுதல் என்றால் அண்ணனின் வட்டி 8.50. ரெப்போ 5.50 ஆனதும் 8.00. 50 லட்சம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 43,391 ரூபாயிலிருந்து 41,822-க்கு வரும். வங்கி தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்திருந்தால் அண்ணன் மாற்றத்தையே கவனித்திருக்க மாட்டார். அப்பா அதே வங்கியில் வெளிப்புற அளவுகோலுக்கு மாறிக்கொள்ளலாம். நிர்வாகக் கட்டணம் இருக்கிறதா, புதிய கூடுதல் எவ்வளவு என்று கேட்டுவிட்டு மாறச் சொல்லுங்கள்.

தேர்வுக்கு இதன் மறுபக்கமும் தேவை. ரெப்போவோடு இணைந்த கடன்களின் வட்டி மூன்றே மாதத்தில் இறங்கும்போது, நிலை வைப்புகளின் வட்டி முதிர்வு வரை அப்படியே நிற்கும். எனவே வட்டிக் குறைப்பு தொடங்கும் காலத்தில் வங்கியின் நிகர வட்டி வரம்பு சுருங்கும். 2025 ஜூனில் ரெப்போக் குறைப்போடு சி.ஆர்.ஆர். குறைப்பும் சேர்ந்து வந்தது இந்த அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தியது.

எஸ்.எல்.ஆரைக் குறைச்சா யீல்டு இறங்குமா ஏறுமா? ஒரு புத்தகம் 'தளர்வுக் கொள்கை'ன்னு போட்டுட்டு விட்டுடுச்சு.

அந்தப் புத்தகம் சொல்வது கடனைப் பொறுத்தவரை சரி. யூ.பி.எஸ்.சி. 2020 முதல்நிலைத் தேர்விலும், விரிவாக்கக் கொள்கையில் ரிசர்வ் வங்கி எதைச் செய்யாது என்ற வினாவில், எஸ்.எல்.ஆர். குறைப்பு 'செய்யும்' பக்கத்தில்தான் சேர்ந்தது. எம்.எஸ்.எஃப். வட்டியை உயர்த்துவதுதான் 'செய்யாது' என்பதற்கான விடை.

பத்திரச் சந்தையில் திசை திரும்பிவிடுகிறது. எஸ்.எல்.ஆர். என்பது என்.டி.டி.எல்லில் ஒரு பங்கை ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரம் ஆகியவற்றில் வங்கி தன்னிடமே வைத்திருக்கச் சொல்லும் விதி. நடைமுறையில் அது ஏறக்குறைய முழுவதும் அரசுப் பத்திரம்தான். அந்தக் கட்டாயம் குறைந்தால் அரசுப் பத்திரத்துக்கான தேவையும் குறையும். விலை இறங்கும், யீல்டு ஏறும். சி.ஆர்.ஆர். குறைப்பில் இதற்கு நேர்மாறு: ரிசர்வ் வங்கியில் முடங்கிய பணம் வெளியே வந்து அதில் ஒரு பகுதி பத்திரத்தைத் தேடும், யீல்டு இறங்கும். இரண்டு குறைப்புகளும் கடனுக்கு ஒரே திசை, யீல்டுக்கு எதிரெதிர்த் திசை. இந்தப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இன்னொரு நுணுக்கம். எஸ்.எல்.ஆர். 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதத்தில் இருக்கிறது. வங்கிகள் வைத்திருப்பது அதைவிட நிறைய அதிகம். நெருக்கடிச் சூழலில் 30 நாள் தாக்குப்பிடிக்க வேண்டிய நீர்மை விகிதத்துக்கும் அதே பத்திரங்கள்தான் கணக்கில் வருகின்றன. எனவே இன்றைய நிலையில் எஸ்.எல்.ஆரைச் சிறிது குறைத்தால் யாரும் பத்திரங்களை அள்ளிக்கொண்டுபோய் விற்கப்போவதில்லை. விதி இறுக்கிப் பிடிக்கும்போதுதான் அதைத் தளர்த்துவதன் விளைவு தெரியும்.

எம்.எஸ்.எஃபிலும் பத்திரத்தை வச்சுத்தான் கடன் வாங்கறாங்க. ரெப்போவிலிருந்து எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

ரெப்போவுக்கு எஸ்.எல்.ஆர். தேவைக்கு மேல் மிச்சமாக உள்ள பத்திரத்தைத்தான் ஈடாகக் கொடுக்க முடியும். எம்.எஸ்.எஃபில் எஸ்.எல்.ஆருக்காக ஒதுக்கிய பத்திரத்திலிருந்தே என்.டி.டி.எல்லின் 2 சதவீதம் வரை எடுக்கலாம். நம் வங்கிக்கு அது 4,000 கோடி. அப்படி எடுத்ததற்காக எஸ்.எல்.ஆர். குறைபாட்டு அபராதம் கிடையாது. கால் சதவீதம் கூடுதல் வட்டி இருக்கிறது. கொரோனா காலத்தில் இந்த வரம்பு தற்காலிகமாக 3 சதவீதமாக இருந்தது, பழைய குறிப்புகளில் அந்த எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள்.

யீல்டு கால் சதவீதம் மாறினா பத்திர விலை எவ்வளவு மாறும்? கால்குலேட்டர் இல்லாம போட வழி இருக்கா?

இருக்கிறது. யீல்டு ஒரு சதவீதம் மாறினால் விலை ஏறத்தாழ எத்தனை சதவீதம் மாறும் என்று காட்டும் எண்ணான திருத்திய கால அளவால் பெருக்குங்கள். முகமதிப்பில் விற்கும், ஆண்டுக்கு இரு முறை வட்டி தரும், 6.33 சதவீதக் கூப்பன் உள்ள பத்தாண்டுப் பத்திரத்துக்கு அது ஏறத்தாழ 7.33.

```
விலை மாற்றம் % ≈ − 7.33 × யீல்டு மாற்றம் %
யீல்டு +0.25  →  −1.83%  →  100 ரூபாய்ப் பத்திரம் சுமார் 98.17
யீல்டு −0.25  →  +1.83%  →  சுமார் 101.83
```

துல்லியமாகக் கணக்கிட்டால் இரண்டு விடையும் இதைவிட இரண்டு காசு அளவுக்கு மேலே இருக்கும், வளைவுத்தன்மை காரணமாக. விடைத் தேர்வுகள் நெருக்கமாக இருந்தால் அந்தத் திசையை நினைவில் வையுங்கள்: யீல்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உண்மை விலை தோராய விலைக்கு மேலேதான் நிற்கும்.

இந்த எண் வங்கிக் கடனோடும் சேர்கிறது. விற்பனைக்குரியதாக வகைப்படுத்திய பத்திரத்தை வங்கி சந்தை விலையில் மதிப்பிட வேண்டும். அந்தப் பிரிவில் 10,000 கோடிக்கு இத்தகைய பத்திரம் வைத்திருந்தால், கால் சதவீத யீல்டு ஏற்றம் ஏறத்தாழ 183 கோடி மதிப்பிழப்பு. மேலே பார்த்த 80.5 கோடி மூலதனத்தோடு ஒப்பிட்டால், யீல்டு ஏற்றம் கடன் கொடுக்கும் சக்தியை எவ்வளவு தின்னும் என்பது புரியும். முதிர்வு வரை வைத்திருப்பதாக வகைப்படுத்திய பத்திரத்துக்கு இந்தச் சந்தை மதிப்பீடு இல்லை.

விகிதங்கள் மாறிக்கிட்டே இருக்கு. தேர்வுல எந்த எண்ணை எழுதறது?

2025 டிசம்பர் 5 அறிவிப்பின்படி ரெப்போ 5.25, எஸ்.டி.எஃப். 5.00, எம்.எஸ்.எஃப். மற்றும் பேங்க் ரேட் 5.50, சி.ஆர்.ஆர். 3, எஸ்.எல்.ஆர். 18. தேர்வுக்கு முந்தைய வாரம் ரிசர்வ் வங்கித் தளத்தில் கடைசி நிதிக் கொள்கைக் குழுத் தீர்மானத்தைத் திறந்து ரெப்போவைச் சரிபாருங்கள். எஸ்.டி.எஃபும் எம்.எஸ்.எஃபும் அதிலேயே இருக்கும். சி.ஆர்.ஆருக்கு மட்டும் ஆளுநரின் தனி அறிக்கையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழு வாக்களிப்பது கொள்கை வட்டிக்குத்தான். சி.ஆர்.ஆரை ரிசர்வ் வங்கியே தீர்மானிக்கிறது. 'நிதிக் கொள்கைக் குழு சி.ஆர்.ஆரை நிர்ணயிக்கிறது' என்று ஒரு கூற்று வந்தால் அது தவறு.